ஸ்கேனர் செயலியும் மர வரைபடமும்: மஞ்சள் குறி எங்கே போகிறது?

டியூஷன் எடுக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நீங்க வெச்சிருக்கிற ஸ்கேனர் ஆப்போட சந்தாவைப் பாதியா குறைச்சிருக்காங்களே, கட்டலாமா சார்?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பிடிஎஃப் ஆக்குவது, பக்கங்களைச் சேர்ப்பது எல்லாம் எந்தச் செயலியிலும் உண்டு. நான் பேசப்போவது ஒரே வேலையைப் பற்றி. பாடப்புத்தகத்தில் உள்ள நிகழ்தகவு மர வரைபடத்தை மாணவர்கள் படமெடுத்து, தங்களுக்குப் புரியாத கிளை முனையில் ஒரு குறி போட்டு, "இதுக்கு எப்படி சார் விடை வரும்?" என்று அனுப்புகிறார்கள். அந்தப் படத்தைப் படித்து விடை சொல்ல வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மர வரைபடம் இடமிருந்து வலமாக விரியும். அது புத்தகத்தின் இடப்பக்கத்தில் அச்சாகியிருந்தால், கிளை முனைகள் எல்லாம் சரியாகப் புத்தகத்தின் நடு மடிப்பில் போய் விழும். தடித்த புத்தகத்தில் அந்த இடம் வளைந்து, நெருங்கி, நிழலில் கிடக்கும். மேல் கிளையின் கடைசி முனையும் கீழ்க் கிளையின் முதல் முனையும் ஒட்டிக்கொண்டு, எது எதிலிருந்து பிரிகிறது என்றே தெரியாது. இந்தச் செயலி அந்த வளைவை நிமிர்த்தித் தருகிறது. கோடுகள் நேராகி, ஒவ்வொரு கவையும் தனியாகத் தெரிகிறது. இதை இவ்வளவு சுத்தமாகச் செய்யும் வேறு செயலியை நான் பார்க்கவில்லை.

எரிச்சல் அடுத்த படியில் வருகிறது. நிமிர்த்திய கையோடு, கேட்காமலே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிவிடும். அமைப்புகளில் போய் 'அசல் நிறம்' என்று மாற்றி வைத்தாலும், அடுத்த அப்டேட்டில் பழையபடி திரும்பிவிடும். சாதாரணப் பாடப் பக்கத்துக்கு இது நல்லதுதான். ஒவ்வொரு புள்ளியையும் அதன் சுற்றுவட்டாரத்தின் சராசரி வெளிச்சத்தோடு ஒப்பிட்டு, அதைவிடக் கணிசமாக இருண்டிருந்தால் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை என்று முடிவு செய்கிறது. நிழல் அப்படித்தான் போகிறது. ஆனால் மாணவர்கள் குறி போடுவது மஞ்சள் ஹைலைட்டரால். வழக்கமான சூத்திரத்தில் சாம்பல் நிறமாக்கும்போது சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை. மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, ஆக 0.886. வெள்ளை 1. சுற்றியுள்ள காகிதத்துக்கும் அதற்கும் வித்தியாசம் போதாமல் குறி முழுசாகக் காணாமல் போகிறது. மெல்லிய பென்சில் டிக்குக்கும் இதே கதிதான்.

சமீபத்தில் வந்த ஒரு படத்தைச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலையில் A, B என்று இரண்டு இயந்திரங்கள். உற்பத்தியில் 60 சதவீதம் A செய்வது, 40 சதவீதம் B செய்வது. A செய்வதில் 2 சதவீதம் பழுது, B செய்வதில் 4 சதவீதம் பழுது. பழுதுக்கு D, பழுதில்லாததற்கு D மேல் ஒரு கோடு. எனக்கு வந்த ஸ்கேனில் குறியே இல்லை. அதோடு D மேலிருந்த கோடும் இல்லை. நான்கு முனையிலும் வெறும் D. மாணவி குறித்தது B வழியில் பழுதில்லாத முனை என்று அசல் படத்தை வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

எண்கள் கெட்டிருந்தால் எனக்குக் கவலை இல்லை, ஏனென்றால் மரமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கவையிலிருந்து பிரியும் கிளைகளின் கூட்டுத்தொகை 1 ஆக இருந்தே தீர வேண்டும். இந்த ஸ்கேனில் 0.96இன் 6 அடைத்துக்கொண்டு 8 போலத் தெரிந்தது. அதன் இணைக் கிளையில் 0.04 தெளிவாக இருக்கிறது. 0.04 + 0.98 = 1.02 வர முடியாது, ஆகவே அது 0.96. இதைச் சரிபார்க்காமல் போட்டால் 0.384க்குப் பதில் 0.392 வந்து நிற்கும். மடிப்பில் முனைகள் ஒட்டிக்கொண்டு எந்தக் கிளை எந்தக் கவையினுடையது என்று குழம்பினாலும் இதே சோதனை பெரும்பாலும் கை கொடுக்கும். A கவையின் 0.98ஐ B கவையின் 0.04ஓடு சேர்த்தால் 1 வராது.

ஆனால் பெயரின் மேல் உள்ள கோடு போனால் இந்தச் சோதனையால் பயனில்லை. 0.04உம் 0.96உம் சேர்ந்து 1 வரும், எது பழுது, எது பழுதில்லாதது என்று அந்த 1 சொல்லாது. கணக்கின் வாசகத்தைத் தேட வேண்டும். "4 சதவீதம் பழுது" என்ற வரி படத்தில் இருந்தால் தப்பித்தோம். மாணவர்கள் பெரும்பாலும் மரத்தை மட்டும் வெட்டி அனுப்புவார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் மேலே கோடு போடுகிறார்கள். என்சிஇஆர்டி புத்தகத்தில் A′ என்று ஓரத்தில் சின்னக் கீற்று, அது இன்னும் எளிதாக அழிந்துவிடும்.

குறி அழிவதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் கேள்வியே அதில்தான் இருக்கிறது. குறி முனையில் இருந்தால் வேரிலிருந்து அந்த முனை வரை உள்ள கிளைகளைப் பெருக்க வேண்டும்: 0.4 × 0.96 = 0.384. அதே குறி கிளையின் நடுவில் உள்ள எண்ணின் மேல் இருந்தால் கேட்பது வேறு. அந்த 0.96, B செய்த பொருள் என்று தெரிந்த பிறகு அது பழுதில்லாமல் இருக்கும் நிபந்தனை நிகழ்தகவு. பெருக்கவே கூடாது. D என்ற இரண்டு முனைகளிலும் குறி இருந்தால் இரண்டு பெருக்கல் பலனையும் கூட்ட வேண்டும்: 0.012 + 0.016 = 0.028. ஒரே மரம், குறி இருக்கும் இடத்தைப் பொறுத்து மூன்று விடைகள். குறி இல்லாத ஸ்கேனைப் பார்த்து, பக்கத்து முனைதான் என்று ஊகித்து 0.016 என்று சொல்லியிருந்தால், சரியான விடையில் 24இல் ஒரு பங்கைச் சொல்லியிருப்பேன். நான்கு முனைகளையும் கூட்டிப் பார்த்தால் 0.012 + 0.588 + 0.016 + 0.384 = 1 என்று மரம் சரியாகவே இருக்கும். எந்த முனை கேட்கப்பட்டது என்பதை மட்டும் எந்தக் கூட்டலாலும் மீட்க முடியாது.

இதைச் செயலிக்காரர்களுக்குப் பலமுறை எழுதிவிட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வரும், அடுத்த அப்டேட்டில் மறுபடியும் கறுப்பு வெள்ளை. ஒரே ஒரு சுவிட்சை நினைவில் வைத்துக்கொள்ள முடியாதா? பணம் கட்டியவர்களுக்குக்கூடவா? வளைவை நிமிர்த்துவதற்காக என் சந்தா முடியும் வரை நான் வைத்துக்கொள்வேன், அந்த வேலைக்கு முழு மதிப்பெண் தருகிறேன். ஆனால் நண்பரே, இன்றைய மனநிலையில் சொல்கிறேன், பாதி விலைக்கும் வேண்டாம். மாணவர்களிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள்: முனையைக் கறுப்புப் பேனாவால் வட்டமிடச் சொல்லுங்கள், கணக்கின் வாசகத்தையும் சேர்த்துப் படமெடுக்கச் சொல்லுங்கள். போனோடு வரும் சாதாரணக் கேமராவே போதும். புத்தகத்தை மடிப்பில் நன்றாக அழுத்திப் பிடிக்க இன்னொரு கை மட்டும் வேண்டும்.