மூன்று கேள்விகளோடு இரண்டு வருடம்

குழித்துறையில் பெயின்டிங் கான்ட்ராக்ட் எடுக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மக்கா, வேலை முடிஞ்சப்புறம் வாட்ஸப்ல மூணு கேள்வி அனுப்புதியே, அதுக்கு நெசமாவே ஆளுங்க பதில் போடுதாங்களா?" போடுகிறார்கள். அதை அவனுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மார்த்தாண்டத்தில் இருந்துகொண்டு களியக்காவிளைக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் மாடுலர் கிச்சன் செய்கிறேன். முன்பெல்லாம் பன்னிரண்டு கேள்வி கொண்ட ஒரு கூகுள் ஃபார்ம் லிங்கைக் கடைசி பில்லோடு சேர்த்து அனுப்புவேன். பெரும்பாலும் யாரும் திறக்கவே மாட்டார்கள். திறந்த ஒன்றிரண்டு பேரும் பாக்கித் தொகையைக் குறைக்க வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் எழுதினார்கள். இப்போது பாக்கி கைக்கு வந்து, சாவி கொடுத்து மூன்று வாரம் ஆன பிறகுதான் கேட்கிறேன். இரண்டாம் நாளில் கேட்டால் நிறத்தைப் பற்றித்தான் சொல்வார்கள். கீல் இறங்குவதும் டிராயர் இடிப்பதும் சமைத்துப் பழகிய பிறகுதான் தெரியவரும்.

லிங்க் கிடையாது. ஒரே மெசேஜ், "வாய்ஸ் அனுப்பினாலும் போதும்" என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிதான் வயதானவர்களைப் பேச வைக்கிறது. கேள்விகள் இவை:

வேலை நடந்தபோது எங்களுக்காக எதற்குக் காத்திருக்க வேண்டி வந்தது? தினமும் சமைக்கும்போது கைக்கு இடைஞ்சலாக இருக்கும் ஒன்று எது? அடுத்த வீட்டில் நாங்கள் அடுக்களை செய்யும்போது எதை மாற்றிச் செய்யலாம்?

இரண்டாவதில் உள்ள "ஒன்று" என்ற சொல்லை எடுத்துவிடாதே. "ஏதாவது குறை உண்டா" என்று கேட்டால் நம் ஆட்கள் மரியாதைக்கு "ஒண்ணுமில்ல" என்றுவிடுவார்கள். ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் யோசித்து ஒன்றைச் சொல்கிறார்கள். மூன்றாவது கேள்வியை முதலில் "உங்கள் அடுக்களையில் எதை மாற்றலாம்" என்றுதான் வைத்திருந்தேன். நாங்கள் இலவசமாக மாற்றித் தரப்போகிறோம் என்று மூன்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். "அடுத்த வீடு" என்று மாற்றிய பிறகு அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. இன்னொருவர் வீட்டுக்காகச் சொல்லும்போது அவர்களுக்கும் மனத்தடை இல்லை.

பாறசாலையில் ஒரு வீடு. பணம் கொடுத்தது தமாமில் இருக்கும் மகன். சவூதியில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று சாயங்காலம் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் "அடிபொளி சேட்டா" என்று வந்தது. கூடவே கட்டைவிரல். அவர் அந்த அடுக்களையில் நின்று ஒரு காபிகூடப் போட்டதில்லை. அம்மாவின் நம்பரை வாங்கி அதே மூன்று கேள்வியை அவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து வாய்ஸ் வந்தது: "மோனே, எல்லாம் நல்லா இருக்கு. தேங்காய் துருவ மட்டும் இடமில்ல."

நேரில் போய்ப் பார்த்தேன். அவர் வைத்திருந்தது மேடை விளிம்பில் ஸ்க்ரூ போட்டு இறுக்குகிற துருவி. நான் கிரானைட்டை டிராயர் முகப்பைவிட ஒரு அங்குலம் மட்டுமே வெளியே நீட்டியிருந்தேன். கல்லுக்கு அடியில் அந்தத் துருவி கடிக்க இரண்டு அங்குலமாவது வேண்டும். டிராயரைத் திறந்தால் இடிக்கும், மூடினால் ஸ்க்ரூ ஏறாது. அதனால் அந்த அம்மா பின்வாசல் திண்ணையில் பழைய சிரவையை வைத்து, குனிந்து உட்கார்ந்து துருவிக்கொண்டிருந்தார். தினமும் தேங்காய் அரைக்கிற வீட்டில் இதைக் கேட்காமல் விட்டது என் தப்புதான். இப்போது எந்த வரைபடத்திலும் ஓர் ஓரத்தில் ஒரு அடி நீளத்துக்கு அடியில் டிராயர் வைக்காமல், கல்லை இரண்டரை அங்குலம் நீட்டி விடுகிறேன். பத்து வருட வேலையில் தெரியாததை அந்த வாய்ஸ் சொல்லிக் கொடுத்தது.

ஆகவே கேள்வியைப் பணம் கட்டியவருக்கு மட்டும் அனுப்பாதே, அடுப்படியில் நிற்பவருக்கும் அனுப்பு. உன் தொழிலில் அந்தச் சுவரைத் துடைப்பவர் யாரோ அவருக்கு.

என் எரிச்சல் முழுக்க முதல் கேள்வி மேல்தான். இரண்டு வருடமாக அதற்கு வரும் பதில் ஒன்றுதான்: கல் பாலிஷ் ஆள் வரவில்லை. அவர் என் ஆள் இல்லை, வீட்டுக்காரரே பேசி வைத்தவர். அதை விளக்கி ஒருமுறை பதில் எழுதினேன். அந்த வீட்டிலிருந்து அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. பதிலுக்கு வாதாடினால் கதவு மூடிவிடும், அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களுக்கு யார் ஆள் என்பது எதற்கு? பத்து நாள் அடுப்பு வெளியே இருந்தது அவர்களுக்குத்தான்.

நேற்று ராத்திரி மறுபடி அதே கல் பாலிஷ் புகார் வந்தது, நான்கு வரியில், கோபமாக. அதைப் படித்துவிட்டு எழுதுகிறேன் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள். இவ்வளவு புகழ்ந்த பிறகும் இன்று என்னைக் கேட்டால் இரண்டு கேள்வி போதும், முதலாவதைத் தூக்கிவிடு என்றுதான் சொல்வேன். ஆனால் ஒன்று: அந்த முதல் கேள்விக்குத்தான் எல்லோரும் உடனே பதில் சொல்கிறார்கள், சொன்ன வேகத்தில் மற்ற இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். அதை எடுத்துவிட்டால் அந்த இரண்டும் வருமா என்று வரும் வெள்ளிக்கிழமை நெய்யாற்றின்கரை வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கப் போகிறேன்.