பச்சை வெங்காயமா, வதக்கியதா? சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எது உதவும்?

என் பெரியப்பாவுக்கு வயது 61. பெரம்பலூர்ப் பக்கம் சொந்தக் காட்டில் சின்ன வெங்காயம் போடுகிறவர். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டின் என்று இரண்டு மாத்திரைகள் சாப்பிட்டுவந்தார். சின்ன வெங்காயத்தைப் பச்சையாக வெறும் வயிற்றில் தின்றால் கொழுப்பு கரைந்துவிடும் என்று யாரோ சொல்ல, கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, தினமும் காலையில் 15 வெங்காயத்தை உரித்து மென்றார். மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில், 96 ஆக இருந்த எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 149 ஆகியிருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 132இலிருந்து 128க்கு வந்திருந்தது. நெஞ்செரிச்சல் மட்டும் புதிதாகச் சேர்ந்துகொண்டது.

இதில் வெங்காயத்தின் மீது குற்றமில்லை. அது எல்.டி.எல்.லை ஏற்றவில்லை, மாத்திரை பிடித்து வைத்திருந்ததை அதனால் பிடித்து வைக்க முடியவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை ஏறாமல் இருந்ததற்கு, அவர் மெட்ஃபார்மினை நிறுத்தாததே முதல் காரணம். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: “பச்சையாத் தின்னா பலன், வேகவெச்சா வீண்னு சொல்றாங்களே, உண்மையா?”

பாதி உண்மை. வெங்காயத்தில் நாம் பேசும் பலன்கள் இரண்டு வகைப் பொருள்களிலிருந்து வருகின்றன. ஒன்று கந்தகச் சேர்மங்கள். வெங்காயத்தை அரியும்போதோ மெல்லும்போதோ அதன் உயிரணுக்கள் உடைந்து, உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகப் பொருளும் ஒன்றோடொன்று கலக்கின்றன. கண் எரிவதும் நாக்கில் காரம் ஏறுவதும் அப்போதுதான். முழு வெங்காயத்தை அப்படியே கொதிக்கும் குழம்பில் போட்டால், உடைவதற்கு முன்பே சூடு அந்த நொதியை முடக்கிவிடுகிறது. காரம் பிறப்பதே இல்லை. இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கும் தன்மை ஆய்வகச் சோதனையில் பச்சை வெங்காயச் சாற்றில் தெளிவாகத் தெரிவதும், நன்றாக வெந்ததில் மங்கிப்போவதும் இதனால்தான். இந்த ஒரு விஷயத்தில் பச்சை வெங்காயத்துக்கே வெற்றி.

இன்னொன்று குவர்செட்டின் என்னும் தாவர நிறமி. இது சூட்டுக்கு எளிதில் அழிவதில்லை. வேகவைத்தால் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால்தான் இழப்பு. சாம்பாரிலும் குழம்பிலும் இறங்கியதை நாம் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிடுகிறோம். மாறாக, வெங்காயப் பச்சடிக்கு அரிந்ததை உப்புப் போட்டுப் பிசைந்து, தண்ணீரில் அலசிப் பிழிகிறோமே, அங்கே பச்சையாக இருந்தும் கொஞ்சம் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய இழப்பு உரிப்பதில் நடக்கிறது. குவர்செட்டின் வெளி அடுக்குகளில்தான் செறிந்திருக்கிறது. பெரிய வெங்காயத்தில் சருகோடு சேர்த்துச் சதைப்பற்றுள்ள முதல் அடுக்கையும் அவசரமாகக் கிழித்து எறிகிறவர்கள் நல்ல பகுதியைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள்.

இப்போது அளவைப் பார்ப்போம். 100 கிராம் வெங்காயத்தில் குவர்செட்டின் ஏறக்குறைய 20 முதல் 40 மில்லிகிராம். இரத்த அழுத்தம், கொழுப்பு பற்றிய பல சோதனைகளில் மாத்திரையாகக் கொடுத்தது 500 மில்லிகிராம். அந்த அளவை வெங்காயத்தில் பெற ஒரு கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். மாத்திரைச் சோதனையின் முடிவை எடுத்து வெங்காயத்தின் மேல் ஒட்டுவது அதனால்தான் தவறு.

வெங்காயத்தையே கொடுத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. 2010இல் வெளிவந்த சூடான் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு 100 கிராம் பச்சைச் சிவப்பு வெங்காயம் கொடுத்தார்கள். 4 மணி நேரத்தில் சர்க்கரை சுமார் 40 புள்ளி குறைந்தது. ஒப்பிட்டுப் பார்த்த கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை சுமார் 81 புள்ளி குறைத்தது. கவனிக்க வேண்டிய முடிவுதான். ஆனால் அது சில மணி நேரக் கணக்கு. மூன்று மாதச் சராசரி என்ன ஆகும் என்பதை அது சொல்லவில்லை. கொழுப்பில் பலன் இன்னும் மெலிது. ஈரானில் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களிடம் 8 வாரம் செய்த ஆய்வில், ஒரு குழு தினமும் 80 முதல் 120 கிராம் பச்சை வெங்காயமும், மற்றொன்று 20 முதல் 30 கிராம் மட்டும் சாப்பிட்டன. மொத்தக் கொழுப்பு இரண்டு குழுவிலும் சில புள்ளிகளே குறைந்தது. நிறையத் தின்றவர்களுக்கு நிறையக் குறைந்துவிடவில்லை.

சின்னதா, பெரியதா? எடைக்கு எடை சின்ன வெங்காயத்தில் தண்ணீர் குறைவு. அதனால் காரமும் மாவுச்சத்தும் நார்ச்சத்தும் கொஞ்சம் கூடுதல். ஆனால் தட்டில் விழும் அளவு வேறு. உரித்த சின்ன வெங்காயம் ஒன்று ஏறக்குறைய 10 கிராம், நடுத்தரப் பெரிய வெங்காயம் 100 கிராம். பெரியதில் சிவப்பைத் தேர்ந்தெடுங்கள், வெள்ளையில் குவர்செட்டின் மிகக் குறைவு. உரிக்கும் பொறுமையும் விலையும் ஒத்துவந்தால் சின்னது. இல்லையென்றால் சிவப்புப் பெரியதில் குறையொன்றுமில்லை.

வதக்கிய வெங்காயம் இனிக்கிறதே, சர்க்கரை கூடிவிடாதா என்று பெரியம்மா கேட்டார். கூடாது. காரம் போவதால் முன்பே இருந்த இனிப்பு நாக்குக்குத் தெரிகிறது. தண்ணீர் வற்றுவதால் அது செறிகிறது. நான் அவர்கள் அடுப்படியில் பார்த்த உண்மையான சிக்கல் எண்ணெய். நான்கு பேருக்கான வத்தக்குழம்புக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், 100 மில்லி நல்லெண்ணெய். தலைக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரி, வெங்காயத்தின் கலோரியைப் போலப் பல மடங்கு. இப்போது அடிகனமான சட்டியில் 2 மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, வெங்காயத்தில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, சிறுதீயில் மூடிவைக்கிறார்கள். வெங்காயம் தன் தண்ணீரிலேயே குழைந்து கண்ணாடிபோல ஆகிறது. தலைக்கு 60 கலோரிக்குச் சற்று மேல்தான்.

நான் பெரியப்பாவுக்குச் சொன்ன அளவு இது: மதியச் சாப்பாட்டோடு 4 அல்லது 5 சின்ன வெங்காயமோ அரைப் பெரிய வெங்காயமோ பச்சையாக, சமையலில் இன்னொரு 50 கிராம். நாளுக்கு 100 கிராம் போதும். வெறும் வயிற்றில் வேண்டாம். பழைய சோற்றுக்குக் கடித்துக்கொண்டாலும் சர்க்கரையை முடிவு செய்வது சோற்றின் அளவுதான். நெஞ்செரிச்சலோ வயிற்று உப்புசமோ உள்ளவர்கள் பச்சையை விட்டு வெந்ததை வைத்துக்கொள்ளலாம். உப்புசத்துக்குக் காரணமான ஃப்ரக்டான் சூட்டில் அழிவதில்லை, அதனால் வெந்ததும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று பச்சை வெங்காயத்தைக் கூட்டும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கிளிமெபிரைடு, இன்சுலின் எடுப்பவர்கள் வெங்காயத்தை நம்பி உணவைக் குறைத்தால் தாழ்சர்க்கரை வரும்.

தமக்குப் பலன் இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால், ஒரே காலை உணவை, உதாரணமாக 3 இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும், வெங்காயத்தோடு மூன்று நாளும் இல்லாமல் மூன்று நாளும் சாப்பிட்டு, முதல் கவளத்திலிருந்து 2 மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். வீட்டுக் குளுக்கோமீட்டருக்கே 100க்கு மேல் 15 சதவீதம் வரை பிழை அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 160ம் 150ம் அதற்கு ஒரே எண்தான். பெரியப்பா அப்படி ஆறு நாள் அளந்தார். இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அட்டோர்வாஸ்டாட்டினை மீண்டும் தொடங்கி 10 வாரத்தில் எல்.டி.எல். 101. பச்சை வெங்காயத்தை அவர் விடவில்லை. தயிர்ச்சோற்றோடு ஐந்து, அதுவும் ருசிக்காக என்கிறார்.