ஃபேஸ் ஸ்வாப்ல ஆள் மாஸ்க் போட்டிருந்தா: மாஸ்க்க விடலாமா, வாயை வரையலாமா?

போன மாசம் ஒரு குறும்படத்துக்கு ஃபேஸ் ஸ்வாப் பண்ண உக்காந்தேன், நடிகர்கள் ரெண்டு பேரும் ஓகே சொன்னதுதான். டார்கெட் வீடியோல, அதாவது முகத்த மாத்த வேண்டிய வீடியோல, இருந்தவர் நீல மெடிக்கல் மாஸ்க் போட்டு பேசிட்டே தலையத் திருப்புறார். ரெண்டு வழி இருந்துச்சு: மாஸ்க்க அப்படியே விட்டுட்டு மேல் முகத்த மட்டும் மாத்தறது, இல்லன்னா மாஸ்க்க எடுத்துட்டு கீழ் முகத்த புதுசா வரையறது.

ரெண்டாவதுதான் பாக்க கெத்து. ஆனா முகத்தோட வடிவத்தப் பிடிக்க வழக்கமா போடுற 68 புள்ளில தாடைக்கு 17, வாய்க்கு 20, அதுவே 37 ஆச்சு, அதுல மாஸ்க்குக்குள்ள மறையிற புள்ளி எல்லாம் AI மாடல் குத்துமதிப்பா வைக்கிறதுதான். சோர்ஸ் ஆளோட, அதாவது யாரு முகத்த ஒட்டுறோமோ அவரோட, ஃபோட்டோ இருந்தா தாடை வடிவம் ஓரளவு வந்துரும், பிரச்சனை அசைவுலதான். துணி மேல கீழ ஏறி இறங்குறத வச்சு தாடை எவ்ளோ திறக்குதுன்னு பிடிக்கலாம், ஆனா ப, ம சொல்லும்போது உதடு மூடுதே, அது துணிக்கு வெளிய தெரியவே தெரியாது. ஆடியோவ வச்சு உதட்ட ஓட்டினா சத்தத்தோட ஒட்டும், ஆனா சிரிச்சாரா உதட்டக் கடிச்சாரான்னு எல்லாம் நம்ம கற்பனைதான். இந்த மாதிரி வரைஞ்ச வாய காட்டி "மாஸ்க்குக்குள்ள இருக்குறது இவர்தான்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

மாஸ்க்க விடுறது சுலபம்னு நெனச்சேன், அங்கயும் அடி வாங்கினேன். முதல் ரெண்டர்ல மாஸ்க் மேலயே லேசா உதடு தெரியுது, பேய் மாதிரி. மறைப்பு எங்கன்னு மாடலுக்குத் தெரியாததாலதான் அது. தலை திரும்பின ஃப்ரேம்கள்ல ஒரு நாப்பத எடுத்து மறைப்பு எங்கன்னு மாடலுக்குக் கத்துக்குடுக்குற XSeg கருவில கையால மாஸ்க் விளிம்ப வரைஞ்சு ட்ரெயின் பண்ணதும் போயிடுச்சு. அப்புறம் நெத்தி நீலம் பூத்திருந்துச்சு, ஏன்னே புரியல, ரொம்ப நேரம் கழிச்சுதான் பாத்தா கலர் மேட்ச்சுக்கு எடுக்குற சராசரில மாஸ்க்கோட நீலமும் சேந்திருக்கு! தோல் தெரியுற இடத்த மட்டும் வச்சு கணக்குப் போட்டதும் சரியாச்சு. விளிம்போட ப்ளர கொறைச்சதும் மூக்குகிட்ட விளிம்புல இருந்த ஒளிவட்டமும் போச்சு.

ஸ்கார்ஃப்னா இத விட தலைவலி. மாஸ்க் விளிம்பு ஒரு கோடாவாவது நிக்கும், ஸ்கார்ஃப் ஒவ்வொரு ஃப்ரேமும் மடிப்பு மாறும், தோல் நிறத்துல இருந்தா எது கன்னம் எது துணின்னு மாடல் முழிக்கும், விளிம்பு மினுக்கும். அங்க ஃபேஸ்ஷிஃப்டர்ங்கிற ஃபேஸ் ஸ்வாப் முறைய உருவாக்கின ஆராய்ச்சி ஆளுங்க பண்ண தந்திரம் எனக்குப் பிடிக்கும்: டார்கெட்ட அவர் முகத்தாலயே ஸ்வாப் பண்ணிப் பாரு, எங்க அதே படம் திரும்ப வரலையோ அங்கதான் பெரும்பாலும் துணி.

என் ஓட்டு மாஸ்க்க விடுறதுக்குத்தான். வாய் தெரிஞ்சே ஆகணும்னு டைரக்டர் அடம்பிடிச்சா மாஸ்க் இல்லாம அந்த ஷாட்ட திரும்ப எடுக்கச் சொல்லுங்க, ரெண்டு நாள் வேலை மிச்சம்.