உமிக்கரி, வேப்பங்குச்சி, பேஸ்ட்: பல வருஷப் புழக்கத்தில் தெரிவது

காரைக்குடி பக்கம் வயசானவர்களில் சிலர் இன்னும் உமிக்கரியை விடவில்லை. பேரப்பிள்ளைகள் பிரஷ்ஷுக்கு மாறிவிட்டார்கள். நடுவயசுக்காரர்கள் நாளுக்கு ஒன்றாகக் கலந்து விளக்குகிறார்கள். மூன்றையும் பல வருஷம் புழங்கினால் வித்தியாசம் முதலில் தெரிவது ஈறோரத்தில்தான். பல்லின் வெள்ளையை வைத்து எடைபோட்டால் தப்புக் கணக்காகிவிடும்.

உமிக்கரியில் எல்லாமே பக்குவம்தான். ரைஸ்மில் உமியைக் குவித்து மேலே நெருப்பு வைத்தால் புகைந்து புகைந்து உள்ளே இறங்கும். முழுக்கக் கறுத்ததும், வெளுக்கத் தொடங்கும் முன்பே, தண்ணீர் தெளித்து அணைக்க வேண்டும். நன்றாகக் காயவைத்து அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, பத்துப் பங்குக் கரிக்கு ஒரு பங்கு பொடி உப்பு சேர்ப்பார்கள். மணத்துக்கு இரண்டு கிராம்பு. அணைக்கப் பிந்திவிட்டால் கரி சாம்பல் நிறமாகிவிடும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே சரக்கு. கறுப்பாக எடுத்த கரியிலும் அது உண்டு. சலிக்காமல் விட்டால் நறநறவென்று இருக்கும். ஒரு சிட்டிகையைத் தண்ணீர் தொட்டுப் பழைய சிடியின் பளபளப்புப் பக்கத்தில் பத்துத் தரம் தேய்த்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கீறல் விழுந்தால் அந்தப் பொடி வாய்க்கு ஆகாது. கீறாவிட்டாலும் தினம் தேய்க்கலாம் என்று அர்த்தமில்லை.

சேதம் வருஷக்கணக்கில் மெல்ல வரும். பல்லின் மேல்பூச்சான எனாமல் கெட்டியானது. ஈறு கொஞ்சம் இறங்கியதும் வெளியே தெரியும் வேர்ப்பகுதி அதைவிட மிருது. பொடியை வைத்து இடமும் வலமுமாக அழுத்தித் தேய்க்கும்போது அந்த இடம்தான் முதலில் குழியும். வலக்கைக்காரர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல்லிலும் அதற்கடுத்த பல்லிலும் கூடுதலாகக் காணலாம். நகத்தை ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி இழுத்தால் ஒரு படி தட்டும். பானைத் தண்ணீர் பட்டாலே கூசும். இன்னொரு சிக்கல்: எனாமல் தேயத் தேய உள்ளிருக்கும் மஞ்சள் அடுக்கான தந்தினி தெரியவரும். அதைக் கறை என்று நினைத்து இன்னும் கரி போட்டுத் தேய்ப்பார்கள், மஞ்சள் இன்னும் கூடும். வெற்றிலைக் கறைக்கும் இதே வைத்தியம்தான் நடக்கிறது. அந்தக் கறையைப் பல் டாக்டர் ஒரே தடவை சுத்தம் செய்து எடுத்துவிடுவார். அதற்காகப் பல்லைத் தேய்த்துக் கரைக்க வேண்டியதில்லை.

விரலால் தேய்ப்பவர்களுக்குச் சேதம் குறைவு. ஆனால் விரல் பல்லிடுக்கில் நுழையாது. கரியை பிரஷ்ஷில் தொட்டுத் தேய்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். செங்கல் பொடிக்கும் மணலுக்கும் நாம் மார்க் போடவே தயாரில்லை. கடைப் பல்பொடி வாங்கினால் டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று படித்துவிட்டு வாங்குங்கள். பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை சேர்ப்பதற்கு 1992லேயே தடை வந்துவிட்டது.

குச்சி விஷயம் வேறு. சுண்டுவிரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில், பச்சை வேப்பங்குச்சியாக ஒடியுங்கள். பட்டையை ஒரு விரல்கடை உரித்துவிட்டு, கடைவாயில் வைத்து இரண்டு மூன்று நிமிஷம் மென்றால் நார் பிரிந்து தூரிகையாகும். ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி ஒவ்வொரு பல்லாக இழுக்க வேண்டும். மறுநாள் அந்த நுனியை வெட்டிவிட்டுப் புதிதாக மெல்லலாம். காய்ந்த குச்சியின் நார் முள்ளாக நின்று ஈறைக் குத்தும். கருவேலங்குச்சி ஒடிப்பவர்கள் மரத்தைப் பார்த்து ஒடியுங்கள். நாட்டுக் கருவேலில் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிமணியாக இறுகியிருக்கும். கண்மாய்க்கரை முழுக்க நிற்கும் சீமைக்கருவேலின் பூ நீளக் கதிர்.

குச்சி எட்டாத இடங்கள் கடைவாய்ப் பல்லின் பின்புறமும் கீழ்முன்பற்களின் உள்பக்கமும். அந்த உள்பக்கத்தில்தான் காரை சீக்கிரம் கட்டும். மிருதுவான பிரஷ்ஷை ஈறோரமாகச் சாய்த்துப் பிடித்தால் இரண்டு இடமும் எட்டும். பேஸ்டில் நுரைக்கும் மணத்துக்கும் பெரிய மதிப்பில்லை. காசு கொடுப்பது ஃப்ளோரைடுக்கு. சொத்தை தொடங்கும் எனாமலை அது திரும்ப இறுக்குகிறது. குச்சியோ கரியோ இதைச் செய்யாது. அட்டையில் 1000 பிபிஎம் என்ற அளவு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதனால் குச்சிப் பழக்கத்தை விட மனமில்லாதவர்கள் காலையில் குச்சி, ராத்திரி பேஸ்ட் என்று வைத்துக்கொள்ளலாம். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவாகச் சுரப்பதால் ராத்திரி விளக்குவதைத்தான் விடக்கூடாது. பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு நிமிஷம். முடிந்ததும் துப்பினால் போதும், செம்பு செம்பாகக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் கழுவிப் போய்விடும். மூன்று வயசுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஒரு அரிசி அளவுதான், அதையும் பெரியவர்கள் கையால் விளக்கிவிட வேண்டும். கூச்சமோ நகத்தில் படியோ வந்துவிட்டவர்கள் கரியை அன்றோடு நிறுத்திவிட்டுப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். குழிந்த இடம் தானாக வளராது, ஆழமாகிவிட்டால் அடைக்க வேண்டிவரும்.