அறிக்கையின் நான்கு பக்கங்களில் சிதறிக் கிடந்த நோய்: ரத்தப் பரிசோதனை செய்துகொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் அம்மாவுக்கு வயது 62. சென்ற ஆண்டு பிப்ரவரி மாதம் மதுரையில் ஒரு தனியார் பரிசோதனை மையத்தில் அவருக்கு முழு உடல் பரிசோதனை செய்தோம். கட்டணத்தோடு மருத்துவர் ஆலோசனையும் சேர்ந்தது என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள். அந்த ஆலோசனை ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. மருத்துவர் அறிக்கையைப் புரட்டி, "அம்மா, சுகர் நார்மல், கொழுப்பு நார்மல். ரத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கு, இரும்புச்சத்து மாத்திரை மூணு மாசம் சாப்பிடுங்க" என்று எழுதிக் கொடுத்தார். நாங்களும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டோம். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயின் தடயங்கள் அந்த அறிக்கையிலேயே இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்கு அப்போதே இரண்டு மாதமாக இடுப்பு வலி இருந்தது. அதற்காக வேறொரு எலும்பு மருத்துவரிடம் போனபோது, அவர் அதே அறிக்கையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வயதானால் எலும்பு தேய்வது இயல்பு என்று கூறி, கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி பொடியும் அசிக்ளோஃபெனாக் வலி மாத்திரையும் கொடுத்தார். இந்த மருந்துகளை அம்மா ஏறக்குறைய நான்கு மாதம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டார். அவற்றை எடுத்துக் கொடுத்தவன் நான் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

ஜூன் மாதத்தில் அம்மாவுக்குத் தீராத தாகம் எடுத்தது. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். மலச்சிக்கல், குமட்டல் ஆகியவற்றைத் தொடர்ந்து ஒரு நாள் காலையில் பேச்சே குழறி, எழுப்பினாலும் கண் திறக்காமல் மயங்கிக் கிடந்தார். அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.6, கால்சியம் 11.6, ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. அன்றிரவு வார்டில் பணியில் இருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பழைய ரிப்போர்ட் ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?" என்பதுதான்.

பிப்ரவரி அறிக்கையை வீட்டிலிருந்து வரவழைத்துக் கொடுத்தேன். அவர் அதைப் புரட்டவில்லை. தாள்களைக் கழற்றிக் கட்டிலின் ஓரத்தில் பக்கம் பக்கமாகப் பரப்பி வைத்தார். கல்லீரல் பரிசோதனை என்ற தலைப்பின் கீழே மொத்தப் புரதம் 9.6 என்றும் அல்புமின் 3.1 என்றும் இருந்த இரண்டு வரிகளுக்குப் பக்கத்தில் பேனாவால் முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து 6.5 என்று எழுதினார். "இது குளோபுலின். இது மூணரைக்குள்ள இருக்கணும். இங்கேயே சந்தேகப்பட்டிருக்கணும் சார்" என்றார்.

அந்த ஒரு கழித்தலைத்தான் இந்தப் பதிவைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். ரத்தத்தின் திரவப் பகுதியில் உள்ள புரதத்தில் பெரும்பகுதி அல்புமின். மீதியைக் குளோபுலின் என்கிறோம். நோய் எதிர்ப்புப் புரதங்கள் எல்லாம் இந்த மீதியில்தான் அடங்கும். எலும்பு மஜ்ஜையில் உள்ள பிளாஸ்மா செல்கள்தான் அவற்றைச் சுரக்கின்றன. அந்தச் செல்களில் ஒன்று புற்றாக மாறி, தன்னைப் போன்ற கோடிக்கணக்கான நகல்களைப் பெருக்கி, ஒரே வகைப் புரதத்தை ஓயாமல் கொட்டத் தொடங்குவதுதான் மல்டிபிள் மைலோமா. ஆகவே, அல்புமின் குறைந்திருக்கும்போதே மொத்தப் புரதம் கூடியிருந்தால், அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். மொத்தப் புரதத்திலிருந்து அல்புமினைக் கழித்து வரும் எண் 4-ஐத் தாண்டினால் மேற்கொண்டு சோதிப்பது மருத்துவர்களிடையே உள்ள வழக்கம். என் அம்மாவுக்கு அது 6.5. புரதம் கூடியிருப்பது சத்தான உணவு சாப்பிடுவதன் அடையாளம் என்று அன்று அந்த மையத்தின் பணியாளர் ஒருவர் எங்களிடம் சொன்னது முற்றிலும் தவறு. சாப்பாட்டால் இந்த எண் இப்படி உயராது.

அடுத்த தாளில் ஹீமோகுளோபின் 9.8. இரும்புச்சத்துக் குறைவாக இருந்திருந்தால் சிவப்பணுக்கள் பெரும்பாலும் சிறுத்திருக்கும். அணுவின் அளவைக் காட்டும் எம்.சி.வி. என்ற எண் அம்மாவுக்கு 91, அதாவது முழுக்க இயல்பானது. அணு சரியான அளவில் இருந்தும் எண்ணிக்கை குறைகிறது என்றால், அவற்றை உருவாக்கும் மஜ்ஜையிலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருக்கலாம் என்று யோசித்திருக்க வேண்டும். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் பரிசோதனையைக்கூடச் செய்யாமல் மூன்று மாத மாத்திரை எழுதப்பட்டது. அதே தாளின் அடியில், ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தவர் சிவப்பணுக்கள் நாணயங்களை அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தார். சிவப்பணுக்கள் குழாயில் படியும் வேகத்தைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 112. மிகுதியான புரதம் அணுக்களை ஒட்டவைப்பதால்தான் இவை இரண்டும் நேர்கின்றன. ஆய்வகத்தின் உள்ளே இருந்த ஒருவர் கண்ணால் கண்டு எழுதிய அந்த வரியை, வெளியே அறையில் உட்கார்ந்து எங்களிடம் பேசியவர் படிக்கவே இல்லை.

எல்லாவற்றையும்விட எங்களை ஏமாற்றியது கால்சியம்தான். பிப்ரவரியில் அது 10.4, இயல்பின் மேல் எல்லை 10.5 என்று அச்சிட்டிருந்ததால், தடித்த எழுத்தில் வராமல் சாதாரண எழுத்தில் வந்திருந்தது. ஆனால் ரத்தத்தில் உள்ள கால்சியத்தில் கணிசமான பகுதி அல்புமினைப் பற்றிக்கொண்டுதான் இருக்கும். அல்புமின் குறைந்தவருக்கு மொத்தக் கால்சியம் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். 4-இலிருந்து அல்புமின் எவ்வளவு குறைந்திருக்கிறதோ, அதை 0.8-ஆல் பெருக்கிக் கால்சியத்தோடு கூட்டிப் பார்க்கச் சொல்கிறார்கள். அம்மாவுக்கு 0.9 குறைவு, 0.72 கூட்டினால் 11.1 வருகிறது. இது தோராயக் கணக்குதான், எதையும் பற்றாமல் தனித்திருக்கும் அயனிக் கால்சியத்தை நேரடியாக அளப்பதே உறுதியானது. ஆனாலும் பிப்ரவரியிலேயே கால்சியம் எல்லை தாண்டியிருக்கக்கூடும் என்பதை அறிய இந்தக் கணக்கு போதும். எலும்பு அரிக்கப்பட்டுக் கால்சியம் ரத்தத்தில் கரைந்துகொண்டிருந்த ஒருவருக்குத்தான் நாங்கள் மேலும் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஜூன் மாதத்துத் தாகமும் மலச்சிக்கலும் மயக்கமும் அதன் விளைவுகள்.

கிரியேட்டினின் அப்போது 1.3. "லேசா கூட இருக்கு, தண்ணி நிறைய குடிங்க" என்று மட்டும் சொன்னார்கள். 62 வயதுப் பெண்ணுக்கு 1.3 என்றால், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 46 மில்லிலிட்டர் என்று கணக்கு வருகிறது. 60-க்குக் கீழே போனாலே கவனிக்க வேண்டும். மைலோமா செல்கள் கொட்டும் புரதத்தின் சிறு துண்டுகள், லேசான சங்கிலிகள் என்று சொல்லப்படுபவை, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் இறங்கி அங்கே உறைந்து அடைத்துக்கொள்கின்றன. உடலில் நீர் வற்றினாலும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும் வலி மாத்திரைகளைச் சாப்பிட்டாலும் இந்த அடைப்பு விரைவாகிறது. இடுப்பு வலிக்கென்று கொடுத்த மாத்திரை, ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த சிறுநீரகத்தை மேலும் அழுத்தியது.

சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் மிகச் சிறிதளவே என்று இருந்ததே என்று நான் அந்த இளம் மருத்துவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னை வார்டின் ஓரத்தில் இருந்த சிறு ஆய்வறைக்கு அழைத்துச் சென்றார். அம்மாவின் சிறுநீரில் முதலில் பரிசோதனைப் பட்டையை நனைத்துக் காட்டினார். அதன் நிறம் ஏறக்குறைய மாறவில்லை. பிறகு அதே சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எந்த வகைப் புரதத்தையும் திரளவைக்கும் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சொட்டினார். தெளிந்திருந்த நீர் என் கண்முன்னே பால் போல வெளுத்தது. பட்டை பெரும்பாலும் அல்புமினை மட்டுமே கண்டறியும். அந்தச் சங்கிலிப் புரதத்தை அது பார்ப்பதே இல்லை. 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்தபோது 3 கிராமுக்கு மேல் புரதம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது.

பிறகு சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ் என்ற பரிசோதனை செய்தார்கள். ரத்தப் புரதங்களை மின்னோட்டத்தில் பிரித்து வரைபடமாகக் காட்டுவது அது. கல்லீரல் நோய், காசநோய், மூட்டு வாதம் போன்றவற்றிலும் குளோபுலின் உயரும். ஆனால் அப்போது பலவகைப் புரதங்கள் சேர்ந்து உயர்வதால் வரைபடத்தில் அகன்ற மேடு போலத் தெரியும். மைலோமாவில் ஒரே வகைப் புரதம் மட்டும் பெருகுவதால் கோபுரம் போல ஒடுங்கிய உச்சி எழும். அம்மாவுக்கு அந்த உச்சி டெசிலிட்டருக்கு 4.1 கிராம். மஜ்ஜையை எடுத்துப் பார்த்ததில் 38 சதவீதம் பிளாஸ்மா செல்கள் இருந்தன. இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் துளைகள் இருந்தன. அதைத்தான் வயதுத் தேய்மானம் என்று சொல்லியிருந்தார்கள்.

குளோபுலின் கூடியவர்கள் எல்லாருக்கும் இந்த நோய்தான் என்று யாரும் அஞ்ச வேண்டாம். வரைபடத்தில் ஒடுங்கிய உச்சி இருந்தும் வேறு பாதிப்பு இல்லாமல், அவ்வப்போது பரிசோதித்துக்கொண்டு பல ஆண்டுகள் நலமாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அதே நேரத்தில், மொத்தப் புரதம் இயல்பாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பியும் இருந்துவிடக் கூடாது. சிலருக்கு இந்த நோய் சங்கிலித் துண்டுகளை மட்டுமே சுரக்கும்; அவை சிறுநீரில் வெளியேறிவிடுவதால் ரத்தத்தில் புரதம் கூடாது, குளோபுலின் குறைந்துகூட இருக்கும். ஆகவே ரத்தசோகையும் கிரியேட்டினின் உயர்வும் எலும்பு வலியும் சேர்ந்திருந்தால், எலக்ட்ரோபோரெசிஸுடன், பெருகியிருப்பது எந்த வகைப் புரதம் என்று காட்டும் இம்யூனோஃபிக்ஸேஷனும், கப்பா, லாம்டா என்ற இரு சங்கிலிகளின் விகிதத்தைக் காட்டும் ஃப்ரீ லைட் செயின் பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆகஸ்டில் அந்தப் பரிசோதனை மையத்துக்குப் போய் மேலாளரைச் சந்தித்தேன். அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த வாக்கியத்தின்மேல் விரலை வைத்தார்: முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் காட்டி விளக்கம் பெறவும். எங்களுக்கு அந்த மருத்துவரை ஏற்பாடு செய்ததே அவர்கள்தான் என்று சொன்னேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்த புகாருக்கும் இன்றுவரை பதில் இல்லை.

அம்மாவுக்கு முதலில் சிரை வழியாகத் திரவம் ஏற்றிக் கால்சியத்தைக் குறைத்தார்கள். பிறகு வாரம் ஒரு முறை வயிற்றுத் தோலடியில் போர்டெசோமிப் ஊசியும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையும் தொடங்கினார்கள். கிரியேட்டினின் 2.6-இலிருந்து 1.7-க்கு இறங்கியது, அதற்குக் கீழே அது போகவில்லை, டயாலிசிஸும் தேவைப்படவில்லை. பிப்ரவரியில் இருந்த 1.3-லேயே சிகிச்சையைத் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒரு நாள் கேட்டபோது, அந்த இளம் மருத்துவர் தாள்களை மறுபடியும் வரிசையாக அடுக்கி, உறையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, "இந்த ஃபைலை மட்டும் எங்கேயும் தொலைச்சிடாதீங்க சார், அடுத்த முறை யாரைப் பார்த்தாலும் முதல்ல இதைக் காட்டுங்க" என்றார்.