ஒரு ‘உம்’ படுத்திய பாடு: சங்கத் தீர்மானத்தை வங்கிக்காக ஆங்கிலமாக்கிய ஏழு ஆண்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பொதுக்குழு நடவடிக்கைக் குறிப்பை ஏழு ஆண்டுகளாக நான்தான் வங்கிக்காக ஆங்கிலத்தில் எழுதித் தருகிறேன். செயலாளர் அண்ணன் குறிப்பேட்டைத் தமிழில்தான் எழுதுவார். அது மாறக்கூடாது என்பதில் எனக்கும் பிடிவாதம் உண்டு.

முதல் ஆண்டே மாட்டிக்கொண்டேன். குறிப்பேட்டில் இருந்த வரி இது: “சங்கத்தின் வங்கிக் கணக்கைச் செயலாளரும் பொருளாளரும் இயக்கலாம் எனத் தீர்மானிக்கப்பட்டது.” ‘உம்’ வந்த இடத்தில் ‘அண்ட்’ போட்டு அனுப்பினேன். இருவரும் சேர்ந்தா, தனித்தனியாகவா என்று கேட்டு வங்கி திருப்பி அனுப்பிவிட்டது. தமிழ் வரியை மறுபடி படித்தேன். அதிலும் விடை இல்லை. காசோலைகளில் எப்போதும் இரண்டு கையெழுத்து இருந்ததால், ‘ஜாயின்ட்லி’ என்று நானே சேர்த்துவிட்டேன். அனுப்புமுன் பொருளாளர் அக்காவிடம் காட்டியது நல்லதாயிற்று.

“தம்பி, கூட்டத்துல யாரும் அப்படிச் சொல்லலையே. நான் ஊர்ல இல்லாதப்போ அவரே தனியா போடட்டும்னுதானே பேசினோம்?”

அண்ணனைக் கேட்டால், சேர்ந்துதான் என்றார். நான் சேர்த்த அந்த ஒரு சொல், பொதுக்குழு எடுக்காத முடிவை அதன் பெயரில் வங்கியில் பதிய வைத்திருக்கும். எனவே மொழிபெயர்ப்பில் அந்த வரியை உள்ளபடி வைத்து, ‘மூலத்தில் தெளிவில்லை’ என்று அடிக்குறிப்பு எழுதினேன். முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, மறுபடி பொதுக்குழுவைக் கூட்டினோம். “இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும், ஒருவர் இல்லாதபோது அவருக்குப் பதிலாகத் தலைவர் கையெழுத்திடலாம்” என்று புதுத் தீர்மானம் வந்தது. இப்போது கூட்டத்துக்கு முன்பே தீர்மான வாசகத்தை வாங்கி, மனதுக்குள் ஆங்கிலமாக்கிப் பார்க்கிறேன். எந்த இடத்தில் கை நிற்கிறதோ, அதை அண்ணனிடம் கேட்டு அங்கேயே தமிழைத் திருத்திவிடுகிறோம்.

‘ஏகமனதாக’ என்பதையும் கவனிக்க வேண்டும். யாரும் எதிர்க்காவிட்டாலே பழக்கத்தில் அப்படி எழுதிவிடுகிறார்கள். இங்கே சிறப்புத் தீர்மானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். அதனால் வந்தவர் எத்தனை, ஆதரித்தவர் எத்தனை, வாக்களிக்காதவர் எத்தனை என்று குறிப்பேட்டிலேயே எழுதச் சொல்கிறேன்.

பெயர்களில் இந்த ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குறிப்பேட்டில் ‘முதலியார்’ என்றிருப்பவர் அடையாள அட்டையில் ‘மூட்லி’. ‘கவுண்டர்’ என்பவர் ‘கவெண்டர்’. 2001ஆம் ஆண்டின் நிதிப் புலனாய்வு மையச் சட்டப்படி, சங்கத்தின் சார்பில் கணக்கை இயக்குபவர் யார் என்று வங்கி சரிபார்த்தாக வேண்டும். தமிழ் ஒலிப்பை அப்படியே எழுதினால் அது வேறு ஆளாகிவிடும். அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே போட்டு, மூலத்தில் உள்ள வடிவத்தை அடிக்குறிப்பில் தருகிறேன். இந்த ஆண்டு அனுப்பியதை வங்கி ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.