சூடான ட்ரேயை எடுக்க மடித்த துணியா, சிலிகான் கையுறையா?

கேக் வெந்துவிட்டது, ஓவன் 180 டிகிரியில் இருக்கிறது. கைக்கு எதை எடுப்பது?

ஈரம்: துணிக்கு இதுதான் எமன். உலர்ந்த பருத்தி இழைகளுக்கிடையே இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். நனைந்தால் அந்த இடத்தில் தண்ணீர் வந்துவிடும்; அது காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். ட்ரேயைத் தூக்கிய சில நொடிகளில் ஆவி விரலைச் சுடும், கை தானாக விட்டுவிடும். சிங்க் பக்கத்தில் கிடக்கும் துணி லேசாக ஈரமாகவே இருக்கும், தொட்டுப் பாருங்கள். சிலிகான் நனையாது, ஆனால் உள்ளே தண்ணீர் போனால் அதுவும் சுடும்.

மேல் கம்பி: துணி உள்ளங்கையை மட்டும் மூடும், புறங்கை மேல் தட்டில் பட்டுவிடும். நீளக் கையுறை முன்கைவரை காக்கும்.

பிடிமானம்: சின்ன டின்னுக்குத் துணி வசதி. கையுறை தடிமன்.

எதுவானாலும், கதவைத் திறந்து ஆவி போனதும் கம்பித் தட்டைப் பாதி வெளியே இழுத்து, அப்புறம் ட்ரேயை இரு கையாலும் தூக்குங்கள். வைக்கும் இடம் முன்பே காலியாக இருக்கட்டும்.

வாரம் தவறாமல் பேக் செய்பவர்களுக்கு நீளக் கையுறைதான். எப்போதாவது என்றால், நான்காக மடித்த காய்ந்த துணி போதும்.